அழுத்த முறிப்புத் தொட்டி: பயனும் விலையும்

காக்ஸ் டவுனின் பழைய பங்களாக்களுக்கும் நான்கைந்து மாடிக் குடியிருப்புகளுக்கும் மொட்டைமாடித் தொட்டி ஒன்றே போதும். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ என்ற கணக்கில், அங்கே தரைத்தளத்திலும் நீரழுத்தம் 2 கிலோவைத் தாண்டுவது அரிது. அதே பெங்களூரின் பன்னேர்கட்டா சாலைப் பகுதியில் ஏறக்குறைய 150 மீட்டர் உயர்ந்து நிற்கும் மந்திரி பினாக்கிள் போன்ற கட்டடம் ஒன்றில், உச்சித் தொட்டியிலிருந்து ஒரே குழாயைக் கீழ்வரை இறக்கினால் அடித்தளத்தில் 15 கிலோ அழுத்தம் நிற்கும். 8 கிலோ அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்படும் கீசரும் அதற்கு நீர் கொண்டுவரும் மெல்லிய இணைப்புக் குழாயும் அதைத் தாங்கா.

ஆகவே கட்டடம் 30 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து அழுத்த மண்டலங்களாகப் பகுக்கப்படுகிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு மண்டலத்தின் தலைப்பிலும் காற்றுக்குத் திறந்த சிறு தொட்டி ஒன்று அமையும். மேலிருந்து வரும் நீர் மிதவை வால்வு வழியே அதில் விழுந்தவுடன் அதுவரை சேர்ந்த அழுத்தம் அற்றுப்போய், கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவதால், எந்த வீட்டுக்கும் 3 கிலோவுக்கு மேல் போவதில்லை. இதுவே அழுத்த முறிப்புத் தொட்டி.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் அழுத்தக் குறைப்பு வால்வு, அதாவது சுருள்வில்லின் விசையால் நீர்வழியை இறுக்கி அழுத்தத்தைத் தணிக்கும் கருவி, இடத்தை அடைக்காது, செலவும் குறைவு. ஆனால் அதன் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் முழு அடைப்பு நிகழாது. பகலில் குழாய்கள் ஓடிக்கொண்டிருப்பதால் அது தெரியாமல் இருந்து, யாரும் நீர் எடுக்காத நள்ளிரவில் கீழ்ப்பக்க அழுத்தமானி மெல்ல ஏறும்போதுதான் வெளிப்படும். தொட்டியில் மிதவை வால்வு பழுதானால் அழுத்தம் ஏறாது, நீர்தான் வழியும். கீழ்வீடுகளைக் காப்பதில் தொட்டியின் மேன்மை இதுவே. எனினும் வழிவுக் குழாயை யார் கண்ணிலும் படாத குழாய்த்தண்டுக்குள் இறக்கிவிடும் வழக்கம் அந்த மேன்மையைப் பாதியாக்கிவிடுகிறது. உள்வரும் நீர் முழுவதையும் ஏந்தும் அகலத்துடன் அக்குழாய் காவலாளி பார்க்கும் இடத்தில் முடிய வேண்டும்.

தொட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுப்பதில்தான் பெருங்குறை உள்ளது. நடுத்தொட்டி ஒன்றைக் கழுவ மூடினால் அதற்குக் கீழுள்ள மண்டலங்கள் அனைத்தும் வறளும். ஒவ்வொரு தொட்டியையும் இரு அறைகளாகக் கட்டினால் இது தவிரும். தொட்டிக்கு நேர் கீழுள்ள இரண்டொரு மாடிகளில் ஷவர் சொட்டுவதால் அங்கே தனிப் பம்பு தேவைப்படும். மின்செலவோ இன்னும் உறுத்துவது: காவிரி நீர் டி.கே. ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய மூன்று நிலையங்களில் ஏற்றப்பட்டே இந்நகருக்கு வருகிறது. அதில் அடிமண்டலத்துக்கான 1,000 லிட்டரையும் உச்சித் தொட்டிவரை 150 மீட்டர் தூக்க, பம்பின் இழப்பு நீங்கலாக, 0.4 யூனிட் மின்சாரம் செல்ல, அடிமண்டலத் தொட்டி இருக்கும் 30 மீட்டருக்குத் தூக்க அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அடி மண்டலங்களின் தொட்டிகளுக்குத் தனிப் பம்பும் தனி ஏற்றுக்குழாயும் கொடுத்துவிட்டால் இந்த வீண் ஏற்றமும் தொடர்சார்பும் ஒருங்கே நீங்கும். கூடுதல் குழாய்க்கும் பம்புக்கும் ஆகும் பணம் கட்டுபவரின் பையிலிருந்தும், மின்கட்டணம் குடியிருப்போரின் பையிலிருந்தும் போவதால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் வரைபடத்திலேயே கைவிடப்படுகிறது.