ஒரு 'ஆக', இரண்டு அர்த்தம்

கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் சேரர் காலத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் கடைசி நாலு சொல் 'இளங்கோ ஆக அறுத்த கல்'. என் குறிப்பேட்டில் இதுக்கு முதலில் வழக்கமான பதவுரைதான் எழுதினேன்: இளங்கோ – இளவரசன், ஆக – ஆக, அறுத்த – வெட்டிய, கல் – கல்.

பார்க்க எல்லாம் சரி. ஆனால் 'ஆக' என்பதற்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. இன்றைய காதுக்கு அது 'இளவரசனாக இருந்து வெட்டிய கல்' என்று கேட்கும். ஐராவதம் மகாதேவன் கொண்ட பொருள் வேறு: இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிய கல். முதலாவதில் வெட்டியவரே இளவரசர். இரண்டாவதில் அவர் பட்டமேற்றது காலக்குறிப்பு மட்டுமே. என் பதவுரை இந்த வித்தியாசத்தை மூடி மறைத்துவிட்டது.

லைப்சிக் விதிகள்படி எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது. சொல்லை உறுப்புகளாக உடைத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் கீழே ஒரு குறிப்பு வைக்க வேண்டும். மேலே எத்தனை கோடோ கீழேயும் அத்தனை. இடைவெளி விட்டு வரிசைப்படுத்தினால் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒத்துவராது, அதனால் LaTeX-இல் `gb4e`:

```
\glll இளங்கோ ஆக அறுத்த கல் \\
இளங்கோ ஆக்-அ அறு-த்த்-அ கல் \\
இளவரசன் ஆகு-செஎ வெட்டு-இகா-பெஎ கல் \\
```

செஎ செயவெனெச்சம், இகா இறந்தகாலம், பெஎ பெயரெச்சம். 'பொழுது விடிய ஊர் போய்ச் சேர்ந்தோம்' என்கிறோமே, அந்த 'விடிய' மாதிரிதான் இந்த 'ஆக'வும் என்று செஎ சொல்கிறது. அந்தப் பொருள்தான் சரி என்று இது நிரூபிக்காது. ஆனால் நான் எதைத் தேர்ந்தேன் என்பது வெளியே தெரியும். தப்பென்றால் நீங்கள் பிடிக்கலாம்.

மூன்று இடத்தில் இந்த முறை தமிழில் இடறுகிறது. ஒன்று, 'த்த' என்ற எழுத்துக்கு உள்ளேயே உறுப்பின் எல்லை விழுகிறது. உடைத்த வடிவம் கண்ணுக்குப் பழகாதது, அதனால்தான் மூலத்துக்குத் தனி வரி. இரண்டு, நன்னூல் வழியில் பிரித்தால் முதல் த் சந்தி, அடுத்தது இடைநிலை. சந்திக்குக் கீழே வைக்கப் பொருள் கிடையாது. இரண்டையும் சேர்த்து இகா என்றேன்.

மூன்றாவது புள்ளி. நமக்குப் 'பெ.எ.' என்று சுருக்கித்தான் பழக்கம். இந்த விதிகளில் புள்ளிக்கு வேறு வேலை: மேலே ஒரே உறுப்பு, கீழே இரண்டு சொல் தேவைப்பட்டால் நடுவில் புள்ளி. இதே கல்வெட்டின் 'உறைய்' என்பதற்குக் கீழே 'தங்கும்.இடம்' என்று வரும். அப்போது 'பெ.எ' இரண்டு பொருளாகப் படிக்கப்படும். அதனால் சுருக்கத்தில் புள்ளியை விட்டேன். ஆங்கிலத்தில் சுருக்கத்தைச் சிறிய பெரிய எழுத்தில் போட்டுத் தனியாகக் காட்டுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அச்சுக்குப் போகும்போது செஎ, இகா, பெஎ மூன்றையும் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.