அறுநூறு ஆண்டு கழித்து ஒரு பதில்

1092ஆம் ஆண்டு, சீனாவின் யாங்ஜோ நகரில் ஆட்சியராக இருந்த சூ ஷி ஒரு காரியத்தைத் தொடங்கினார். தாவ் யுவான்மிங் மதுவைப் பற்றிப் பாடிய இருபது கவிதைகளுக்கும் ஒன்றுக்கொன்றாகப் பதில் கவிதை எழுதினார். தாவ் மறைந்தது 427இல். பிறகு அரசியல் பகையால் 1094இல் ஹுய்ஜோவுக்கும், 1097இல் கடல் தாண்டி ஹைனான் தீவுக்கும் விரட்டப்பட்டபோது சூ ஷி தாவின் மற்றக் கவிதைகளையும் கையிலெடுத்தார். கடைசியில் பதில்கள் நூறைத் தாண்டின. பழங்கவிகளைப் போலச் செய்து பார்த்தவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பழங்கவிகளுக்குப் பதில் சொன்னவர் தமக்கு முன் எவருமில்லை என்று தம்பி சூ ஜெவுக்கு எழுதினார். இது முழு உண்மையல்ல. டாங் காலத்து லீ ஹெ இறந்த கவிகளுக்கு ஓரிரு பதில்கள் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரே கவிஞரோடு இத்தனை நீண்ட உரையாடலை அதுவரை எவரும் நடத்தவில்லை. போலச் செய்வது வேறு, பதில் சொல்வது வேறு என்று சூ ஷி பிரித்ததும் சரிதான்.

அவர் ஏற்ற விதி கடுமையானது. சீனக் கவிதையில் இரண்டு அடிக்கு ஒருமுறை, அடியின் முடிவில் ஓசை ஒத்துவரும். நம் இயைபு போல. பதில் எழுதுபவர் முதல் கவிதையில் இயைபாக வந்த அதே சொற்களை, அதே வரிசையில், தம் அடிகளின் முடிவில் வைக்க வேண்டும். இதைவிட நெகிழ்வான முறைகளும் இருந்தன: ஓசை மட்டும் ஒத்தால் போதும் என்பது ஒன்று, அதே சொற்களை வரிசை மாற்றி வைக்கலாம் என்பது இன்னொன்று. சூ ஷி எடுத்துக்கொண்டது மிக இறுக்கமானதை.

இருபதில் ஐந்தாவது கவிதையைப் பார்த்தால் இந்த இறுக்கம் எதற்குப் பயன்பட்டது என்பது விளங்கும். தாவின் கவிதைகளில் மிகவும் பேர் பெற்றது இது. ஊர் நடுவே குடிசை, ஆனால் வண்டி குதிரைகளின் இரைச்சல் காதில் விழுவதில்லை; மனம் தள்ளி நின்றால் இடமும் ஒதுங்கிவிடுகிறது; வேலியோரம் சாமந்தி பறிக்கையில் மலை கண்ணில் படுகிறது; பறவைகள் கூடு திரும்புகின்றன; இதில் ஓர் உண்மை இருக்கிறது, சொல்லப் போனால் சொல் மறந்துபோகிறது. இயைபுச் சொற்கள் ஐந்து: இரைச்சல், ஒதுங்கியிருத்தல், மலை, திரும்புதல், சொல்.

சூ ஷியின் கவிதை படகில் நடக்கிறது. அங்கே இரைச்சல் உண்டு. அது சிறு படகுக்கு அடியில் இருட்டில் புரளும் அலையினுடையது. ஒதுங்கியிருத்தலைக் குறித்த சீனச் சொல் ஒருபக்கம் சாய்வதையும் குறிக்கும். எனவே குடிபோதையில் இரவு கிளம்பியவர் தலையணை சாய்ந்துகிடப்பதைக்கூட உணரவில்லை. விடிந்து வழி கேட்டால், மலை ஏற்கெனவே பின்னால் போய்விட்டது. திரும்புதல் இங்கே வீடு திரும்புதல் அல்ல, ஒரே வழியில் போவதும் வருவதுமான உத்தியோக அலைச்சல். கடைசிச் சொல்லும் மாறுகிறது. தாவுக்குச் சொல் மறந்தது, நிறைவால். இவருக்கோ, போனதைப் பற்றி இனி என்ன சொல்ல என்ற சலிப்பு.

ஐந்து சொற்களும் அப்படியே இருக்கின்றன. ஐந்தும் வேறு வாழ்க்கையைச் சொல்கின்றன. தாவ் 405இல், எண்பது நாள் அளவிலேயே, பெங்ஜே ஊரின் அதிகாரி பதவியை உதறிவிட்டு நிலத்துக்குப் போனவர். சூ ஷி முப்பது ஆண்டுக்கு மேல் உத்தியோகத்தை விடாமல், சிறைவரை போய்வந்தவர். உன் சொற்கள் என்னிடம் இருக்கின்றன, உன் வீடு என்னிடம் இல்லை என்பதை அவர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இயைபே சொல்லிவிடுகிறது. தாவை அறியாதவரும் இதை ஒரு நல்ல பயணக் கவிதையாகப் படிக்கலாம். அறிந்தவருக்கு அந்தப் படகுக்குப் பின்னால் ஒரு குடிசை தெரிந்துகொண்டே இருக்கும். பதில் கவிதையிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

ஆனால் இதே விதிதான் இம்முறையின் பெரிய கேடும். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் யென் யூ, இயைபுக்கு இயைபு வைத்துப் பதில் எழுதுவதைப்போல் கவிதையைக் கெடுப்பது வேறில்லை என்று கண்டித்தார். முற்காலத்தார் பதில் கவிதை எழுதியபோது இயைபைப் பின்பற்றவில்லை என்பது அவர் வாதம். கவிஞர்கள் யுவான் ஜென்னும் பை ஜூயியும் ஒன்பதாம் நூற்றாண்டில் பழக்கமாக்கிய இந்த முறை, சோங் காலத்தில் ஒரே இயைபில் எட்டு ஒன்பது தடவை போய்வரும் போட்டியாகிவிட்டதை அவர் கண்டிருந்தார். அந்தக் கண்டனம் நியாயமானது. சொற்கள் முன்பே முடிவாகிவிட்டதால், கவிஞர் முடிவிலிருந்து பின்னோக்கி அடியை நிரப்புகிறார். சொல்ல எதுவுமில்லாதவரும் எழுதி முடித்துவிட முடியும். சூ ஷியின் நூற்றுச் சொச்சத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. தாவின் இயைபு இருக்கும், தாவ் இருக்கமாட்டார். அன்று பார்த்த ஊரோ வந்த நண்பரோதான் பொருள். கண்டுபிடிக்க எளிய வழி, தலைப்பை மறைத்துவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது. எந்தச் சொல்லும் முதல் கவிதையை நோக்கித் திரும்பவில்லை என்றால் அங்கே உரையாடல் நடக்கவில்லை.

யென் யூ கவனிக்காதது, இயைபுக்குள் நின்றே பொருளிலும் மோத முடியும் என்பதை. சூ ஷியின் இன்னொரு பதில் அதற்குச் சான்று. கி.மு. 621இல் சின் நாட்டு மன்னர் மூ இறந்தபோது, மூன்று நல்ல வீரர்கள் அவரோடு புதைக்கப்பட்டார்கள். தாவ் அவர்களுடைய விசுவாசத்தை உருக்கமாகப் பாடினார். இளவயதில் மூ மன்னரின் கல்லறையைப் பற்றி எழுதியபோது சூ ஷியும் அவர்கள் விரும்பியே உடன் சென்றதாகப் போற்றியிருந்தார். அரசரின் கோபத்தால் தெற்கே விரட்டப்பட்ட பின் எழுதிய பதிலில் அதைத் திரும்பப் பெறுகிறார். மன்னர் நாட்டுக்காக இறந்தால் கூடவே இறக்கலாம். ஆனால் சாகும்போது இடும் கட்டளை தெளிந்த மனத்திலிருந்தும் வரும், கலங்கிய மனத்திலிருந்தும் வரும். எதைக் கேட்பது, எதை மீறுவது என்பது கீழிருப்பவரின் உரிமை. இதற்கு வெய் கெயைச் சான்றுக்கு அழைக்கிறார். தந்தை நோய் முற்றிய நிலையில் தம் ஆசைநாயகியையும் உடன் புதைக்கச் சொன்னபோது, அதை விட்டு, தெளிவோடு இருந்தபோது சொன்ன முந்தைய சொல்லைக் காத்த மகன் அவர். கவிதையின் முடிவில் தாவே வந்து நிற்கிறார்: உத்தியோகம் பெருமைதான், ஆனால் துயரமும் சுற்றிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெரியவர் ஏழையின் உடையை உடுத்திக்கொண்டார். தாவின் பாட்டை மறுக்கத் தாவின் வாழ்க்கையையே எடுத்துவைக்கிறார். வெறும் புகழ்ச்சிக் கவிதையோ வெறும் கண்டனமோ இதைச் செய்திருக்காது. இத்தொடரிலேயே துணிச்சலான கவிதை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு குறை இருக்கிறது. அதற்கு சூ ஷியின் திறமையும் மருந்தில்லை. உயிரோடிருக்கும் நண்பர் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்துவார். யுவான் ஜென் அனுப்பியதற்கு பை ஜூயி எழுதினார், அதற்கு யுவான் மறுபடி எழுதினார். தாவால் அது முடியாது. தம்மால் செய்ய முடியாமல் போனதைச் செய்துகாட்டியவராகவே சூ ஷி அவரைப் பெரும்பாலும் பார்த்தார். அமைதியான, பற்றற்ற தாவ் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்தார். பசியால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிய தாவும், மன்னரைக் கொல்லப் போனவனின் வீரத்தைப் பாடிய சினமுள்ள தாவும் இந்த ஒளியில் மங்கிப்போனார்கள். அண்ணனைத் தொடர்ந்து தம்பி சூ ஜெவும், பிறகு பல தலைமுறைக் கவிஞர்களும் தாவுக்குப் பதில் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் சூ ஷிக்குத்தான் பதில் சொல்கின்றன. தாவின் இருபது கவிதைகளை, அந்தப் படகுப் பயணத்தை நினைக்காமல், நேரே போய்ப் படித்து எழுதியவர்கள் குறைவு.