ஆயாவின் அட்டை: ஒரு சமையல் குறிப்பின் மொழிபெயர்ப்பு பற்றி

நம் சங்கத்து அன்பர்கள் மொழிபெயர்ப்பு என்றதும் நாவல், நாடகம், கவிதை என்றே பேசுவார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு கேக் குறிப்பு. உள்ளங்கை அகல அட்டையில் பிரெஞ்சு மொழியில் எழுதியது. அதன் தமிழாக்கம் ஒன்றைப் படித்துப் பார்த்து, எங்கே சரி, எங்கே பிழை என்று சொல்வதுதான் இக்கட்டுரை. செய்தவர் பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்தவர்தான்.

கல்கத்தாவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புதுச்சேரிக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டு ஆயா புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தயிர் கேக் செய்வதில் கைதேர்ந்தவர். அவர் காலமான பிறகு, ஊரில் அலமாரியில் கிடந்த அட்டையை யாரோ செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தமிழாக்கி வாங்கி, ஆயாவின் வருஷ நினைவு நாளுக்கு மருமகள் கேக் செய்தார். மேலே கரி, உள்ளே கூழ், அடியில் கல். அந்தப் பெண் என்னிடம் வந்து, "ஆயா வயசான காலத்துல எழுதினது ஐயா, மறதியில ஏதோ தப்பா எழுதிட்டாங்க போல" என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் பாத்திர வியாபாரி. திண்டிவனத்தில் எங்கள் கடைக்குப் புதுச்சேரியோடு கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதால், இளவயதில் ஒரு பால பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். பண்டிதன் இல்லை. ஆனால் அட்டையின் படத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஆயா ஒரு எழுத்துகூடத் தவறாக எழுதவில்லை என்பது தெரிந்தது.

முதற் பிழை வார்த்தையிலேயே இல்லை, படத்தில் இருந்தது. அட்டையின் கீழ் ஓரத்தில் நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றின் பின்னும் புள்ளி: டி.எஸ்.வி.பி. மொழிபெயர்த்தவர் அதை யாரோ ஒருவரின் கையொப்பம் என்று எண்ணி விட்டுவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் "தயவுசெய்து திருப்பவும்" என்பதற்கு இடும் சுருக்கம் அது. அதாவது அட்டைக்குப் பின்பக்கமும் உண்டு. படம் எடுத்தவர் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டார். நான் அந்தப் பெண்ணிடம் சொல்லி ஊருக்குப் பேசச் சொன்னேன். அன்று மாலையே பின்பக்கமும் வந்து சேர்ந்தது. எத்தனை நிமிடம் சுட வேண்டும், வெந்ததை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கேதான் இருந்தன. படத்தை வைத்து மொழிபெயர்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மறுபக்கம் இருக்கிறதா?" என்பதுதான்.

அடுத்து வினைச்சொற்கள். சமையல் குறிப்பில் பெயர்ச்சொல் தவறினால் கடையில் தெரிந்துவிடும். வினைச்சொல் தவறினால் அடுப்பில்தான் தெரியும்.

அட்டையில், மூன்று முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு "பிளான்ஷீர்" செய்யச் சொல்லியிருக்கிறது. அகராதிப்படி அந்தச் சொல்லுக்கு வெளுக்கச் செய்தல் என்று பொருள். காய்கறிக்கும் பாதாம் பருப்புக்கும் அதைச் சொன்னால் கொதிநீரில் சற்றுப் போட்டு எடுப்பது. மொழிபெயர்த்தவர் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் சேர்த்து ஒரு கொதி விட்டு எடுக்கவும்" என்று எழுதிவிட்டார். மருமகளும் அப்படியே செய்தார், கரு திரிந்து கட்டி கட்டியானது. மஞ்சள் கருவுக்கு அந்தச் சொல் வந்தால், சர்க்கரையோடு சேர்த்து, அடர் மஞ்சள் நிறம் போய் வெளிர் மஞ்சளாகிக் கெட்டிப்படும் வரை அடிப்பது என்று கொள்ள வேண்டும். நெருப்பே கிடையாது. எந்தப் பொருளின் மேல் வினை நடக்கிறது என்று பார்க்காமல் வினையை மொழிபெயர்த்ததால் வந்த வினை இது. தமிழில் "வெளுக்க அடிக்கவும்" என்றால் போதும், கண்ணுக்கு அடையாளமும் கிடைத்துவிடும்.

அதற்கு அடுத்த வரி, வெள்ளைக் கருவைப் "பனியாக ஏற்றுவது". தமிழாக்கத்தில் இது "பனி போல் ஆகும் வரை குளிர வைக்கவும்" என்று ஆகி, வெள்ளைக் கரு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் இருந்தது! ஆயா சொன்னது வேறு. வெள்ளைக் கருவை நுரைக்க நுரைக்க அடித்து, அது பனிக்குவியல் போல உயர்ந்து நிற்கச் செய்ய வேண்டும். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தாலும் நுரை வழுக்கக் கூடாது, அதுவே பதம். இங்கே பாத்திரக்காரனாக ஒரு வார்த்தை சேர்க்கிறேன். மஞ்சள் கருவோ எண்ணெயோ சிறிது ஒட்டியிருந்தாலும் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் போகாது. எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது.

மூன்றாவது, அந்த நுரையை மாவில் சேர்க்கும் வினை. "நன்றாகக் கலக்கவும்" என்று தமிழில் இருக்கிறது. நன்றாகக் கலக்கினால் அடைத்து வைத்த காற்றெல்லாம் போய், அவ்வளவு நேரம் அடித்ததும் வீண். பிரெஞ்சில் அந்த வினையோடு "மெதுவாக" என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது, அதைத் தமிழாக்கம் விழுங்கிவிட்டது. நம்மிடம் "விரவுதல்" என்ற நல்ல சொல் இருக்கிறது. அகப்பையை அடிவரை விட்டு, மாவை மேலே புரட்டி, நுரையின் மேல் மடித்து மடித்து விரவ வேண்டும். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு டப்பா தயிர், இரண்டு டப்பா சர்க்கரை, மூன்று டப்பா மைதா, அரை டப்பா எண்ணெய் என்பது தமிழாக்கம். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனாலும் கேக் கல்லானதற்கு முக்கியக் காரணம் இதுதான். பிரான்சில் தயிர் 125 கிராம் கொண்ட சிறு குப்பியில் வரும், அந்தக் காலிக் குப்பியே இந்தக் கேக்குக்கு அளவுப் படி. நம் பெண் கடையில் வாங்கியதோ 400 கிராம் டப்பா. "எந்தப் படியால் அளந்தா என்ன ஐயா, விகிதம் ஒண்ணுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அட்டையில் முட்டை மூன்று என்று எண்ணிக்கையில் இருக்கிறது, உப்ப வைக்கும் பொடி ஒரு பொட்டலம் என்று இருக்கிறது. படி மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகும்போது இவை இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. அவர் போட்ட மாவுக்கு முட்டை ஒன்பது பத்தாவது வேண்டியிருக்கும். 125 கிராம் தயிரை நிறுத்து ஒரு டம்ளரில் விட்டு, அது நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டையே படியாகக் கொள்ளச் சொன்னேன்.

அந்தப் பொட்டலத்திலும் ஒரு வழுக்கல். அட்டையில் "லெவ்யூர்" என்று மட்டும் இருந்ததால் தமிழாக்கம் ஈஸ்ட் என்றது. பிரெஞ்சு வீடுகளில் பேக்கிங் பவுடரையும் அதே சொல்லால்தான் சுருக்கிச் சொல்வார்கள். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈஸ்ட் என்றால் மாவு பொங்க நேரம் விட வேண்டும். அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை, கலந்த கையோடு அடுப்புக்குப் போகிறது. ஆகவே இது பேக்கிங் பவுடர். அங்கே ஒரு பொட்டலம் 11 கிராம், நம் கணக்கில் சுமார் இரண்டரை தேக்கரண்டி.

கடைசியாகச் சூடு. அட்டையில் "தெர்மோஸ்தா 6" என்று சுருக்கமாக இருக்கிறது. மொழிபெயர்த்தவர் ஒரு ஆங்கிலச் சமையல் புத்தகத்து அட்டவணையைப் பார்த்திருக்கிறார். பிரிட்டிஷ் காஸ் அடுப்பின் 6-ஆம் எண் 400 டிகிரி பாரன்ஹீட். அதை "400 டிகிரி" என்று மட்டும் எழுதிவிட்டார். பிழை இரண்டு. ஒன்று, ஆங்கிலேயர் எண் வேறு, பிரெஞ்சு எண் வேறு. இரண்டு, எந்த டிகிரி என்ற எழுத்தைப் போடாதது. அந்த வீட்டு அவனின் திருகு செல்சியஸில் 250 வரைதான் போகும். 400 வேண்டுமென்றதும் அந்தப் பெண் முடிந்தமட்டும் திருகிவிட்டார்.

பிரெஞ்சு எண்ணுக்குக் கணக்கு எளிது. எண்ணை 30-ஆல் பெருக்கினால் செல்சியஸ். 6 என்றால் 180. பாரன்ஹீட் வேண்டுமானால் 180-ஐ 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க 324, அதோடு 32 கூட்ட 356. சமையல் புத்தகங்கள் 350 என்று முழுமையாக்கிப் போடும். பிரிட்டிஷ் காஸ் எண்ணில் இது 4-தான், 6 அல்ல. உள்ளே விசிறி சுழலும் அவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்து 160 வைக்கலாம். ஆனால் இந்த 30-ஆம் வாய்ப்பாடு தோராயம்தான். பழைய அடுப்புகளின் திருகு ஒன்றுபோல் இராது. ஆயாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் பின்பக்கத்தில், 35 நிமிடம் ஆனதும் நடுவில் கத்தி நுனியைச் செருகிப் பார், உலர்ந்து வந்தால் எடு, இல்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம் விடு என்று எழுதி வைத்தார். எண் தவறினாலும் கத்தி காப்பாற்றும். அந்தக் கத்தியைத்தான் படம் எடுத்தவர் விட்டுவிட்டார்.

நான் புதிதாகச் செய்த தமிழாக்கத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "நீங்க சமணராச்சே, முட்டை இல்லாம எழுதிக் குடுங்களேன்" என்றார். நான் முட்டை தொடுவதில்லை, என் வீட்டில் இந்தக் கேக் ஒருநாளும் ஆகாது. ஆனாலும் ஆயாவின் அட்டையில் உள்ள முட்டையை எடுக்க எனக்கு ஏது உரிமை? எடுத்தால் நுரையும் போகும், அந்த மூன்று வினைச்சொற்களுக்கும் வேலை இல்லாமல் போகும். வேண்டுவோருக்கு முட்டையில்லாத குறிப்பைத் தனித்தாளில், தனிப்பெயரில் எழுதலாம். அதை ஆயாவின் பெயரில் போடக் கூடாது. முந்தைய தமிழாக்கத்தின் மேல் என் பெரிய மனக்குறையும் இதுவே. தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் அந்தப் பெண் யாரையாவது கேட்டிருப்பார். எல்லாம் தெரிந்ததுபோல் எழுதியதால், பழி எழுதி வைத்தவர் தலையில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் கோடு போட்ட டம்ளரை வைத்து மறுபடி செய்தார். 40-ஆவது நிமிடத்தில் கத்தி உலர்ந்து வந்ததாம். நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்தும் ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார். மேலே பொன்னிறம், நடுவில் கத்தி செருகிய ஒரு சிறு கீறல். "ஆயா தப்பா எழுதல ஐயா" என்றார்.