சாவி எந்த நாளில் கைமாற வேண்டும்?

விற்ற வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கென்று புழக்கத்தில் உள்ள பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வீட்டைச் சுத்தம் செய்தல், சாவிக்கொத்து, குழாய்க் கசிவு, மீட்டர் அளவு. அவற்றில் பிழையில்லை. ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதும் கிரயமும் சாவியும் ஒன்றையொன்று ஒட்டியே நடக்கும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. புதுக்கோட்டை போன்ற ஊரில் கிரயம் ஒரு நாள் முடியும். விற்றவர் பிள்ளையின் பரீட்சை, புது வீட்டுப் பால் காய்ச்சு என்று சொல்லி இரண்டு வாரம் கழித்துக் காலி செய்வதும் உண்டு. அந்த இரண்டு வாரத்தைப் பட்டியல் கணக்கில் எடுக்கிறதா என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி வரும்: தொகை முழுவதும் பெற்றுக்கொண்டு, சொத்து இன்றே சுவாதீனம் விடப்பட்டது என்று. விற்றவர் உள்ளே குடியிருக்கும்போதே இதில் கையெழுத்துப் போடுகிறார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, கிரயத் தேதி வரை சேர்ந்த வரியும் அரசுக் கட்டணங்களும் விற்பவர் பொறுப்பு. உரிமை மாறிய பிறகு வீட்டுக்கு வரும் சேதம் வாங்கியவர் தலையில், அதை விற்றவர் உண்டாக்காத வரையில். ஆக, இடைப்பட்ட நாளில் ஏசியைக் கழற்றும்போது சுவர் பெயர்ந்தால் அது விற்றவர் கணக்கு. மேல்மாடிக் குழாய் உடைந்து கூரையில் ஈரம் ஊறினால் வாங்கியவர் கணக்கு. எது எப்போது நடந்தது என்று காட்ட ஒரு தாளும் இல்லாதபோதுதான் சண்டை வருகிறது.

மின்கட்டணம் இதற்கு நல்ல சோதனை. நம்மிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கடைசிக் கணக்கெடுப்புக்குப் பின் விற்றவர் 40 நாளில் 340 யூனிட் செலவழித்தார். வாங்கியவர் குடிவந்து, கோடையில் ஏசி ஓட்டி, 20 நாளில் 190 யூனிட். பில் 530 யூனிட்டுக்கு வரும். 500ஐத் தாண்டியதால் கட்டணப் படிகளே மாறி, முழு பில்லும் ஏறிவிடும். சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படமெடுத்து இருவரும் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், தொகையை 34க்கு 19 என்று பிரித்து முடிக்கலாம். 100 யூனிட் இலவசமும் அந்த விகிதத்திலேயே இருவருக்கும் போய்ச் சேரும். படி ஏறியதற்கு யார் காரணம் என்று நுணுகிப் பார்ப்பது அந்தத் தொகைக்குத் தகாது. மீட்டர் வைப்புத்தொகைதான் பலரும் மறப்பது: அதைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று விற்றவர் எழுதிக் கொடுப்பதா, அல்லது அதன் மதிப்பை வாங்கியவரிடம் பெறுவதா என்பதை அன்றே பேசி முடிக்க வேண்டும்.

சொத்துவரியில் குழப்பம் குறைவு. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. ஜூலையில் கிரயம் என்றால் முதல் அரையாண்டு ரசீது விற்பவர் கையில் இருக்க வேண்டும். புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியானது. பழைய ரசீதுகளில் நகராட்சி என்று இருப்பதைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம்.

வாங்குபவர் தரப்புக்கும் நியாயம் உண்டு. முழுப் பணமும் கொடுத்த பிறகு விற்றவர் காலி செய்யாவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, அம்பதாயிரம் ரூபாயை நிறுத்திவைக்கக் கேட்பார். கேட்பது தவறில்லை, வாய்ப்பேச்சாக விடுவதுதான் தவறு. பாக்கித் தொகைக்கு அந்தச் சொத்தின் மீதே பற்றுரிமை விற்பவருக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் 'முழுவதும் பெற்றேன்' என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர், பாக்கி இருந்தது என்று பிறகு மெய்ப்பிப்பது பெரும்பாடு. நிறுத்திவைக்கும் தொகையும், அது வந்து சேர வேண்டிய தேதியும் பத்திரத்திலேயே ஏற வேண்டும்.

எது நல்ல முறை என்றால், காலி செய்த வீட்டைக் கிரயத்துக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து பார்ப்பது, பதிவு முடிந்ததும் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே சாவியைக் கொடுப்பது. சாமான் நிறைந்த வீட்டில் அலமாரிக்குப் பின்னுள்ள ஈரமும் சோபாவுக்கு அடியிலுள்ள உடைந்த டைல்சும் தெரியாது. அவை பின்னால் தெரிந்தால் விற்றவர் மறைத்தார் என்றே பேச்சு வரும். மின்விசிறி, கீசர், இன்வெர்ட்டர் இவற்றில் எது தங்கும், எது போகும் என்பதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் ஒப்படைக்கும் நாளில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. காலி செய்யத் தாமதமாகும் என்றால் அடுத்த சிறந்த வழி, சுவாதீனத் தேதி, மீட்டர் எண், சாவிகளின் எண்ணிக்கை, குடியிருப்போர் சங்கத்துக்குப் பாக்கியில்லை என்ற ரசீது ஆகியவற்றோடு இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம். இரண்டும் இல்லாத பட்டியல், எவ்வளவு நீளமானாலும், விற்பவருக்குப் பயன்படாது.

விற்கிறவர்கள் பத்திரம் எழுதுபவரிடம் அந்தச் சுவாதீன வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டைவிட்டு இறங்கும் தேதி வேறாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.