மெட்டும் சொல்லும் விட்டுக்கொடுக்கும் இடம்

மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1940இல் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி வெளியிட்டபோது, எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளிலேயே எழுதினார். கேட்டவுடன் கூடப் பாட வேண்டுமே, அதற்கு அதுதான் சரியான வழி. ஆனால் அங்கே மெட்டு அசையாது, சொல்தான் வளைய வேண்டும். மெட்டுப் போடுகிறவரும் எழுதுகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் வளையும். என் ரசனை அந்த இடத்தில்தான் நிற்கிறது.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தைப் பற்றி இருவர் பாட்டுக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மெட்டுக்காரர் 'தான தன்ன தான தன்ன' என்று தத்தகாரம் கொடுக்கிறார். மும்மூன்று மாத்திரையாக நான்கு துண்டு, தப்பு அடிக்க வாகான நடை. எழுதுகிறவர் 'பால வெட்ட போற புள்ள' என்கிறார். அச்சாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வரியில் சிக்கல். சொல்ல வேண்டியது, வெயில் ஏறியும் சிரட்டை நிறையவில்லை என்பது. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். 'சிரட்ட' குறிலில் தொடங்குகிறது, தட்டோ நெடிலையோ ஒற்றோடு வரும் குறிலையோ கேட்கிறது. தட்டில் வைத்துப் பாடினால் 'சீரட்ட' என்று இழுபடும். 'கோப்ப' என்று மாற்றினால் உடனே பொருந்தும். ஆனால் மரத்தில் கட்டியிருப்பது தேங்காய்ச் சிரட்டை, அதை விட எழுதியவருக்கு மனமில்லை. இங்கே மெட்டுக்காரர் இறங்கி வருகிறார். 'சி'யைத் தட்டுக்கு முன்னால் எடுத்து, 'ரட்' தட்டில் விழும்படி மாற்றுகிறார். அதீத எடுப்பு.

பதிலுக்கு அவர் ஒன்று கேட்கிறார். வரிக் கடைசியில் சுரம் நீண்டு நிற்கிறது, குறிலில் முடியும் 'நெறயல' அதைத் தாங்காது. எழுதியவர் 'நெறயலயே' என்று முடிக்கிறார். இப்போது வரி:

சிரட்ட இன்னும் நெறயலயே

அந்த ஏகாரத்தில் சுரத்துக்கு நிற்க இடமும் கிடைத்தது, வெட்டுகிறவளின் ஆதங்கமும் ஏறியது. பேரத்தில் வந்த திருத்தம், தனியாக எழுதியிருந்தால் வந்திருக்காது.

இப்படி நடக்க வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே ஒரு பேச்சு வேண்டும்: எந்தச் சொல்லை விட முடியாது, எந்தச் சுரத்தை விட முடியாது என்று இருவரும் ஒன்றிரண்டைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் பேசித் தீரும். பொருளைத் தொடும் திருத்தத்தில் எழுதியவர் பேச்சும், தாளத்தைத் தொடும் திருத்தத்தில் மெட்டுக்காரர் பேச்சும் கடைசி. மாற்றிய வரியை மட்டும் பாடிப் பார்ப்பது ஏமாற்றும், முந்தைய வரியிலிருந்து ஓட்டிப் பாட வேண்டும். பாட்டை அறியாத ஒருவரைக் கேட்டுத் திருப்பிப் பாடச் சொன்னால், அவர் வேறு சொல் போடும் இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஒரு வரிக்குக் கொடுத்த சலுகை பாட்டு முழுவதும் செல்லும். இனி ஒவ்வொரு சரணத்திலும் இரண்டாம் வரி 'சிரட்ட' போலத் தொடங்க வேண்டும், குறில், பிறகு ஒற்றோடு வரும் குறில். எழுதியவர் 'விடிஞ்சு', 'கெழக்கு', 'கணக்கு' என்று சொற்களைத் தேடத் தொடங்குகிறார். அடுத்த சரணம் 'கணக்கு' என்று எடுக்கிறது, அதோடு பால் நிறுக்கும் இடம் பாட்டுக்குள் வந்துவிடுகிறது.