மணியைத் தாழ்த்துவதா, பேச்சை நிறுத்துவதா?

திருவண்ணாமலை கார்த்திகைத் தீப ஒளிபரப்பில் ஒலிக்கலவை செய்பவருக்குச் சோதனைக் கட்டம் மாலை ஆறு மணியை ஒட்டி வருகிறது. கொடிமரத்தருகே அர்த்தநாரீசுவரர் காட்சி தருவார். மணியோசை, மேளம், ‘அரோகரா’ முழக்கம் எல்லாம் ஒன்றாக எழும். 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏறும். வர்ணனையாளரும் பேசியாக வேண்டும்.

இதற்குப் பலரும் நம்புவது ‘டக்கிங்’. பேச்சு மைக்கில் குரல் வந்ததும் பின்னணி ஒலி தானாகத் தாழும். குரல் நின்றதும் எழும். நேரலையில் இது பெரிய உதவி. முழக்கம் எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஃபேடரில் விரல் வைத்திருப்பவரைவிடக் கருவி வேகமானது. சொல் தப்பிவிடும்.

மணிதான் தப்புவதில்லை. பெரிய வெண்கல மணியை ஒருமுறை அடித்தால் ரீங்காரம் பல நொடிகள் படிப்படியாகத் தேயும். “இதோ... அர்த்தநாரீசுவரர் எழுந்தருளுகிறார்” என்று வர்ணனையாளர் சொல்கிறார். ‘இதோ’வில் அமுங்கிய ரீங்காரம், அடுத்து வரும் இடைவெளியில் மேலேறி, ‘அர்த்தநாரீசுவரர்’ என்றதும் மறுபடி விழுகிறது. தேய வேண்டிய ஓசை வீங்குகிறது. எந்த மணியும் அப்படி ஒலிக்காது. காரணம் தெரியாவிட்டாலும் கேட்பவருக்கு உறுத்தும்.

பதிவு செய்து தொகுக்கும் ஆவணப்படத்தில் டக்கிங்குக்குச் சாக்கே கிடையாது என்பேன். மணியடியை இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வைத்து, முதல் ‘கணீர்’ அடங்கியபின் பேச்சைத் தொடங்கினால் போதும். தேயும் ரீங்காரத்தின்மேல் குரல் இயல்பாக உட்காரும். மணி தொடர்ந்து அடிக்கும் காட்சியில் மட்டும் ஈக்யூவைத் தொடலாம். ச, ட, ற போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. மணியின் கூர்மையும் அங்கேதான் மோதும். மணித் தடத்தில் அந்தப் பகுதியை மட்டும் நாலைந்து டெசிபல் இறக்கலாம். அதற்கு மேல் போனால் துணி சுற்றி அடித்த மணிபோல ஆகிவிடும்.

சரிபார்ப்பது ஸ்டுடியோ ஸ்பீக்கரில் அல்ல, கைபேசியில். அதன் சிறிய ஒலிபெருக்கி ரீங்காரத்தின் அடியொலியை விழுங்கிவிட்டு, கூர்மையை மட்டும் தரும். கேட்பவரும் வசனத்தை முன்பே படிக்காதவராக இருக்க வேண்டும். எழுதியவர் காதுக்கு எந்தச் சொல்லும் மூழ்காது.

மௌனத்துக்கும் இதே கவனம் தேவை. தடத்தை முழுக்க வெறுமையாக்கினால் ஒளிபரப்பு அறுந்ததாகவே தோன்றும். படம்பிடித்த பிராகாரத்திலேயே யாரும் பேசாதபோது ஒரு நிமிடச் சூழலொலியைத் தனியே எடுத்து வைத்திருந்தால், வெட்டிய இடங்களை அதைக் கொண்டு நிரப்பலாம். தீபத்தன்றோ கூட்டம் அடங்காது. அங்கே மௌனம் என்றால் வர்ணனையாளர் வாயை மூடுவதுதான். தீபம் ஏறும் கணத்தில் தொலைக்காட்சிக்கு ஒரு சொல்லும் வேண்டாம். வானொலிக்கு மட்டும் “தீபம் ஏறிவிட்டது” என்ற ஒரே வாக்கியம் வேண்டும். அதன்பின் அரை நிமிடம் ஒலி முழுவதையும் மணிக்கும் கூட்டத்துக்கும் விட்டுவிடலாம்.