சாடியில் மழை லில்லி

கரவெட்டியில் வெங்காயம் நட்டுப் பழகிய கைகளுக்கு மழை லில்லிக் கிழங்கு புதிதாகத் தெரியாது. உருவில் அது சின்ன வெங்காயமேதான். ஆனால் நஞ்சுள்ளது, சமையலறைப் பக்கம் வைக்கக்கூடாது.

நடும் ஆழமும் வேறு. வெங்காயத்தின் நுனி மண்ணுக்கு வெளியே தெரியலாம். மழை லில்லிக்கோ கிழங்கு முழுவதும் புதைந்து, கழுத்து மண்மட்டத்தில் நிற்கவேண்டும். கிழங்கின் பருத்த பகுதிக்கு மேலே ஓர் அங்குல மண் போதும். இரத்த லில்லி இதற்கு மாறு. கழுத்து வெளியே தெரிய, சாடிக்கு ஒன்றாக நடுவதே அதற்கு நல்லது.

எட்டு அங்குலச் சாடியில் மழை லில்லி ஏழு நடலாம். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி ஆறு. அப்போது கிழங்குகளுக்கிடையிலும் இரண்டு அங்குலம் அமையும், விளிம்பிலும் அதேயளவு மிஞ்சும். நெருக்கம் இந்தச் செடிக்குப் பிடிக்கும். சில ஆண்டுகளில் குட்டிகள் சாடியை நிரப்பிவிடும். பூக் குறைந்து இலை மட்டும் மண்டினால் பிரித்து நடலாம்.

ஆவணிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மாரிக்குள் வேர் பிடித்துவிடும். வறண்ட மண்ணில் நல்ல மழை விழுந்த சில நாள்களில் மொட்டுகள் எழும். ஓட்டையடைத்த சாடியில் மட்டும் அதே மாரி கிழங்கை அழுகவைத்துவிடும். இலை மஞ்சளாகி, கழுத்தை அமுக்கும்போது கொழகொழப்பது அதன் அடையாளம்.